1966-ல் ரிடையர் ஆனவரின் கணக்கு

ரிடையர் ஆன பிறகு, சேர்த்து வைத்த பணத்திலிருந்து வருஷத்துக்கு எவ்வளவு எடுத்துச் செலவு செய்யலாம்? பென்ஷன் இல்லாத எல்லோருக்கும் ஒருநாள் வரும் கேள்வி இது. அதிகமா எடுத்தால் 80 வயசில் கை காலியாகிவிடும். பயந்து பயந்து எடுத்தால், அனுபவிக்க வேண்டிய பணத்தை பேங்கில் வைத்துவிட்டுப் போய்ச் சேருவோம்.

எங்க ஆபீஸில் இதற்கு எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். "வருஷச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்துட்டா போதும், வேலையை விட்டுடலாம்." 25 மடங்கு என்றால் முதல் வருஷம் 4 சதவீதம் எடுப்பது என்று அர்த்தம். இந்த 4 எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "அமெரிக்காவில் ஏதோ ஸ்டடி" என்பதோடு பேச்சு நின்றுவிடும். அந்த ஸ்டடியைத் தேடிப் படித்து, அதன் கணக்கை நானே ஒருமுறை போட்டுப் பார்த்தேன். அந்த 4-ஐத் தீர்மானித்தது 1929-ன் பெரிய வீழ்ச்சி இல்லை. பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும் 1966 என்ற வருஷம். அது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

ராக்கெட் படித்தவர் போட்ட கணக்கு

இந்தக் கணக்கைப் போட்டவர் வில்லியம் பெங்கன். எம்.ஐ.டி.யில் விமான, விண்வெளிப் பொறியியல் படித்தவர். மாடல் ராக்கெட் பற்றி எம்.ஐ.டி. பதிப்பகம் வெளியிட்ட ஒரு புத்தகத்தின் மூன்று ஆசிரியர்களில் இவரும் ஒருவர். ஆனால் பிழைப்புக்கு ராக்கெட் பக்கம் போகவில்லை. குடும்பத்தின் குளிர்பான பாட்டிலிங் தொழிலில் 17 வருஷம் இருந்தார். 1980-களின் கடைசியில் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து நிதி ஆலோசகர் ஆனார். அவரிடம் வந்தவர்கள் கேட்டதும் நாம் மேலே கேட்ட கேள்வியைத்தான்.

அப்போது புழக்கத்தில் இருந்த பதில் சராசரியை வைத்துச் சொல்வது. அமெரிக்கப் பங்குகள் நீண்ட காலச் சராசரியாக வருஷம் 10 சதவீதம் தந்திருக்கின்றன. அரசுக் கடன் பத்திரங்கள் 5 சதவீதம். 60-க்கு 40 என்று கலந்து வைத்தால் 8 சதவீதம் வரும். விலைவாசி ஏற்றம் 3 சதவீதம் என்று கழித்தால் மீதி 5. ஆக, வருஷம் 5 சதவீதம் எடுத்துக்கொண்டே இருந்தால் முதல் கரையவே கரையாது. பேப்பரில் எந்தத் தப்பும் தெரியாத கணக்கு.

பெங்கன் சராசரியை ஒதுக்கி வைத்தார். 1926 முதல் அமெரிக்காவின் பங்கு வருமானம், கடன் பத்திர வருமானம், விலைவாசி மூன்றும் வருஷவாரியாகக் கிடைத்தன. 1926-ல் ஒருவர் ரிடையர் ஆனார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த வருஷங்களில் உண்மையில் நடந்ததை அப்படியே அவர் மேல் ஓட்டிப் பார்ப்போம். பிறகு 1927-ல் ரிடையர் ஆனவர், 1928-ல் ஆனவர் என்று ஒவ்வொருவராக. முதல் வருஷம் ஒரு சதவீதம் எடுப்பார்கள். அடுத்த வருஷத்திலிருந்து சதவீதத்தை மறந்துவிட்டு, போன வருஷம் எடுத்த தொகையோடு விலைவாசி ஏற்றத்தை மட்டும் சேர்த்து எடுப்பார்கள். வாழ்க்கைத் தரம் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். அதே அரிசி, அதே வாடகை.

இந்த இடம் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். வருஷா வருஷம் "மீதியில் 4 சதவீதம்" எடுப்பது வேறு கணக்கு. அதில் பணம் தீரவே தீராது, ஆனால் மார்க்கெட் பாதியானால் உங்கள் சாப்பாடும் பாதியாகும். பெங்கன் கேட்டது, சாப்பாடு குறையாமல் இருக்கப் பணம் எத்தனை வருஷம் தாங்கும் என்று.

1994 அக்டோபரில் அமெரிக்க நிதி ஆலோசகர்களின் தொழில்முறை இதழில் முடிவு வெளிவந்தது. பங்கும் நடுத்தரக் கால அரசுப் பத்திரமும் பாதிப் பாதியாக வைத்து, முதல் வருஷம் 4 சதவீதம் எடுத்தவர்களில் ஒருவருக்குக்கூட 30 வருஷத்துக்குள் பணம் தீரவில்லை. 5 சதவீதம் எடுத்தவர்களில் பலருக்குத் தீர்ந்துவிட்டது. எந்த வருஷம் ரிடையர் ஆனார்கள் என்பதுதான் விதியைத் தீர்மானித்தது.

மோசமான வருஷம் எது?

எந்த வருஷம் மிக மோசம் என்று கேட்டால் எல்லோரும் 1929 என்றுதான் சொல்வார்கள். நானும் முதலில் அதைத்தான் ஓட்டினேன். பணம் தாங்கியது. எல்லா வருஷத்தையும் ஓட்டினால் கடைசியில் வந்து நிற்பது 1960-களின் நடுப்பகுதி, அதிலும் குறிப்பாக 1966.

கணக்குக்கான நிரல் பத்து வரிகூட இல்லை:

```python
def run(returns, cpi, start, rate):
    bal, w = start, start * rate
    for year, (r, c) in enumerate(zip(returns, cpi), 1):
        if bal < w:
            return year - 1, bal
        bal = (bal - w) * (1 + r)
        w = w * (1 + c)
    return len(returns), bal
```

வருஷ ஆரம்பத்தில் பணத்தை எடுக்கிறார். மீதி அந்த வருஷ வருமானத்தால் வளர்கிறது, இல்லை தேய்கிறது. எடுக்கும் தொகை விலைவாசியோடு ஏறுகிறது. வருஷத்துக்கு ஒருமுறை பங்கையும் பத்திரத்தையும் மறுபடி பாதிப் பாதியாகச் சரி செய்கிறார். கமிஷன், வரி எதுவும் இல்லை. 1966 ஜனவரியில் 1,00,000 டாலரோடு ரிடையர் ஆனவர் 4,000 டாலர் எடுத்து ஆரம்பித்தால் இப்படிப் போகிறது:

| வருஷம் | எடுத்தது | வருஷக் கடைசியில் மீதி | அந்த மீதி, 1966 ஆரம்பத்தின் விலையில் |
|---|---|---|---|
| 1966 | 4,000 | 93,400 | 90,400 |
| 1969 | 4,460 | 94,600 | 80,000 |
| 1972 | 5,160 | 1,12,100 | 84,000 |
| 1974 | 5,810 | 85,600 | 52,600 |
| 1981 | 10,830 | 90,800 | 30,800 |
| 1989 | 15,130 | 92,100 | 23,300 |
| 1995 | 18,800 | 16,000 | 3,300 |

மூன்றாவது நெடுவரிசையை மட்டும் பாருங்கள். 1989 வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை போலத் தெரியும். ஒரு லட்சத்தில் ஆரம்பித்தோம், 24 வருஷம் எடுத்துச் சாப்பிட்ட பிறகும் 92,000 இருக்கிறது. வருஷா வருஷம் பேங்க் ஸ்டேட்மென்ட் பார்ப்பவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். கடைசி நெடுவரிசையில்தான் நிஜம் இருக்கிறது. 1981 முடிவில் அந்தப் பணத்தின் வாங்கும் சக்தி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. 1996 ஜனவரியில் அவருக்கு 19,300 டாலர் தேவை. கையில் இருப்பது 16,000. சரியாக 30 வருஷம் ஓடி நின்றது. பணத்தை எடுப்பது வருஷ ஆரம்பத்திலா, முடிவிலா என்பதை மாற்றினால் ஓரிரண்டு வருஷம் முன்னே பின்னே ஆகும். கதை மாறாது.

இதே ஆள், சராசரிக் கணக்கை நம்பி 5 சதவீதம் எடுத்திருந்தால்? 1982 ஆரம்பத்தில் கையில் இருப்பது 47,800. அந்த வருஷச் செலவு 14,750. இருக்கும் பணத்தில் 31 சதவீதம் ஒரே வருஷத்தில் போகிறது. 1985 ஜனவரியில் எடுக்கப் போனால் போதுமான பணம் இல்லை. 65 வயசில் ரிடையர் ஆகியிருந்தால் அப்போது அவருக்கு 84. "முதல் கரையவே கரையாது" என்ற கணக்கு 19 வருஷம்தான் தாங்கியது. 4-க்கும் 5-க்கும் நடுவில் இருக்கும் ஒரு சதவீதம், பதினோரு வருஷச் சாப்பாடு.

1966-க்கு அப்புறம் என்ன நடந்தது?

1966 பிப்ரவரியில் டவ் ஜோன்ஸ் குறியீடு 995 புள்ளிகளில் முடிந்தது. ஆயிரத்தைத் தாண்டப் போகிறது என்று எல்லோரும் காத்திருந்த நேரம். பதினாறரை வருஷம் கழித்து, 1982 ஆகஸ்டில் அதே குறியீடு 777-ல் இருந்தது. நடுவில் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. மொத்தத்தில் எங்கேயும் போகவில்லை. அதே காலத்தில் அமெரிக்காவில் பொருள்களின் விலை சுமார் மூன்று மடங்கானது. வியட்நாம் போர்ச் செலவு, 1971-ல் டாலரைத் தங்கத்திலிருந்து விடுவித்தது, 1973-ல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை என்று ஒன்றன் மேல் ஒன்றாக வந்தன.

1973, 74 இரண்டு வருஷத்தில் மட்டும் பங்குகள் சுமார் 37 சதவீதம் விழுந்தன. விலைவாசி 22 சதவீதம் ஏறியது. பெங்கன் தன் கட்டுரையில் இந்த இரண்டு வருஷத்துக்கு 'பெருவெடிப்பு' என்று வானியல் பெயரே வைத்தார்.

சரி, பங்கு விழுந்தால் தாங்கிப் பிடிக்கத்தானே கடன் பத்திரம் வைத்திருக்கிறோம்? அங்கேதான் பணவீக்கம் வேலையைக் காட்டியது. 1979-ல் நடுத்தரக் காலப் பத்திரங்கள் தந்தது 4 சதவீதம். விலைவாசி ஏறியது 13 சதவீதம். அடுத்த வருஷமும் கிட்டத்தட்ட அதேதான். எண்ணிக்கையில் பத்திரம் நஷ்டம் காட்டவில்லை, ஆனால் நிஜத்தில் வருஷத்துக்கு 8, 9 சதவீதம் கரைந்தது. ஒரு கால் உடைந்தால் இன்னொரு காலில் நிற்கலாம் என்று கட்டிய ஏற்பாட்டில், இரண்டு காலையும் ஒரே நோய் பிடித்தது.

இப்போது 1929-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1929 முதல் 1932 வரை பங்குகள் 60 சதவீதத்துக்கும் மேல் விழுந்தன. 1973-74-ஐ விட எவ்வளவோ பயங்கரம். ஆனால் அப்போது விலைவாசியும் சேர்ந்து விழுந்தது, சுமார் 24 சதவீதம். 1929-ல் 4,000 டாலர் எடுத்தவருக்கு 1933-ல் அதே வாழ்க்கை வாழ 3,060 டாலர் போதும். அரசுப் பத்திரங்களும் அந்தக் காலத்தில் நல்ல வருமானமே தந்தன. என் கணக்கில், நூறாண்டின் மிகப் பெரிய சரிவுக்குப் பிறகு 1933 ஜனவரியில் அவர் எடுக்க வேண்டியது கையிருப்பில் 5.3 சதவீதம். 1966-காரர் 1975 ஜனவரியில் எடுக்க வேண்டியது 7.6 சதவீதம். 1982 ஜனவரியில் 13 சதவீதம்.

சேமிப்பில் வாழ்பவருக்கு மார்க்கெட் வீழ்ச்சி ஒருமுறை அடிக்கும் அடி. விலைவாசி ஏற்றம் அப்படி இல்லை. அது ஒருமுறை ஏறினால், எடுக்கும் தொகை அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு வருஷமும் அந்த உயரத்திலேயே இருக்கும். 1974-ல் ஏறிய 12 சதவீதத்தை அவர் 1995 வரைக்கும் வருஷா வருஷம் கட்டிக்கொண்டிருந்தார்.

வரிசையைத் திருப்பிப் போட்டால்

"அந்த 30 வருஷமே மொத்தத்தில் மோசம், அதான் அப்படி" என்று சொல்லத் தோன்றும். பார்ப்போம். 1966 முதல் 1995 வரை இந்தப் பாதிப் பாதிக் கலவையின் கூட்டு வளர்ச்சி வருஷத்துக்குச் சுமார் 9.8 சதவீதம். பணவீக்கம் சுமார் 5.4. கழித்தால் நிஜ வளர்ச்சி 4.2 சதவீதம் போல வருகிறது. ஒன்றும் மோசமில்லை. வருஷா வருஷம் ஆடாமல் அசையாமல் இந்த 4.2 வந்திருந்தால், முதல் வருஷம் 5.7 சதவீதம் வரை எடுத்து 30 வருஷம் ஓட்டியிருக்கலாம். நிஜத்தில் 4-க்கே மூச்சு வாங்கியது.

ஆகவே இன்னொரு சோதனை செய்தேன். அதே 30 வருஷம், அதே வருமானங்கள், அதே பணவீக்கம். வரிசையை மட்டும் தலைகீழாக்கினேன். அதாவது ரிடையர் ஆன முதல் வருஷம் 1995-ல் நடந்தது நடக்கும், இரண்டாவது வருஷம் 1994, கடைசி வருஷம் 1966. அதே 1,00,000, அதே 4,000. முடிவில் கையில் மிஞ்சியது, ஆரம்ப நாள் விலையில் கணக்கிட்டால், சுமார் 1,62,000 டாலர். அசல் வரிசையில் மிஞ்சியது 3,300.

பணத்தை எடுக்காமல் வைத்திருந்தால் இரண்டு வரிசைக்கும் ஒரே விடைதான் வரும். பெருக்கலில் எண்களை எப்படி மாற்றிப் போட்டாலும் விடை மாறாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம், இல்லையா? வருஷா வருஷம் நடுவில் ஒரு கழித்தல் வந்துவிட்டால் அந்த விதி செல்லாது. விலை குறைவாக இருக்கும்போது சாப்பாட்டுக்காக விற்ற பங்கு போனது போனதுதான். 1982-க்குப் பிறகு மார்க்கெட் எவ்வளவு பறந்தாலும் அந்தப் பங்கு திரும்பி வந்து பறக்காது. 1982 முதல் 1995 வரை அமெரிக்கப் பங்குச் சந்தையின் பொற்காலம். நம்மவர் அதை முழுக்க நேரில் பார்த்தார். பார்ப்பதற்குத்தான் முடிந்தது, கலந்துகொள்ளக் கையில் பணம் மிஞ்சவில்லை.

சம்பாதிக்கும் காலத்தில் சராசரியை நம்பலாம். செலவழிக்கும் காலத்தில் முதல் பத்து, பதினைந்து வருஷம் என்ன வரிசையில் வருகிறது என்பதே பெரும்பாலும் எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுகிறது.

4 எப்படி 'விதி' ஆனது

பெங்கன் கட்டுரை ஆலோசகர்கள் மட்டும் படிக்கும் இதழில் வந்தது. பொதுமக்களிடம் இதைக் கொண்டுபோனதில் பெரும் பங்கு 1998-ல் வந்த இன்னொரு கட்டுரைக்கு. டெக்சஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் இருக்கும் டிரினிட்டி பல்கலைக்கழகத்தின் மூன்று பேராசிரியர்கள் கூலி, ஹப்பர்ட், வால்ஸ் எழுதியது. டிரினிட்டி ஸ்டடி என்ற பெயர் அதனால்தான். அவர்கள் முடிவை 'வெற்றி விகிதம்' என்று அட்டவணையாகக் கொடுத்தார்கள். பாதிப் பங்கு, பாதிக் கடன் பத்திரம், விலைவாசியோடு ஏறும் 4 சதவீதம், 30 வருஷம் என்றால் வெற்றி 95 சதவீதம். பங்கே இல்லாமல் வெறும் பத்திரத்தில் வைத்தால் 20 சதவீதம்தான்.

பெங்கனுக்கு நூற்றுக்கு நூறு வந்ததே, இங்கே ஏன் 95? அவர் எடுத்தது நடுத்தரக் கால அரசுப் பத்திரம். இவர்கள் எடுத்தது நீண்ட காலக் கம்பெனிப் பத்திரம். பணவீக்கம் ஏறும் காலத்தில் நீண்ட காலப் பத்திரம்தான் அதிகமாக அடி வாங்கும். அந்த ஒரு மாற்றமே போதும்.

95 சதவீதம் என்று படிக்கும்போது ஏதோ ஆயிரம் பேரைச் சோதித்த மருந்து மாதிரித் தோன்றுகிறது. எண்ணிப் பாருங்கள். 1926 முதல் 1995 வரை எழுபது வருஷம். அதில் முழு 30 வருஷத் துண்டுகள் மொத்தம் 41. 95 சதவீதம் என்றால் 41-ல் இரண்டு தோல்வி. அந்த 41-ம் தனித்தனியானவையும் இல்லை. 1965-ல் ஆரம்பிப்பதும் 1966-ல் ஆரம்பிப்பதும் 29 வருஷத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றின் மேல் ஒன்று படியாமல் எழுபது வருஷத்தில் வெட்டினால் இரண்டு துண்டுதான் கிடைக்கும். மொத்த விதியும் கிட்டத்தட்ட இரண்டு வாழ்க்கையைப் பார்த்து எழுதியது.

இன்னொரு விஷயம். 1994-ல் பெங்கன் எழுதும்போது அவரிடம் 1992 வரைக்குமான புள்ளிவிவரம்தான் இருந்தது. அதாவது 1966-காரரின் 30 வருஷம் அப்போது முடியவே இல்லை. மிச்ச வருஷங்களுக்கு அவர் சராசரி வருமானத்தைப் போட்டு நிரப்பினார். விதியைத் தீர்மானித்த ஆள், விதி எழுதப்பட்டபோது இன்னும் பணத்தை எடுத்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு வந்த நிஜ வருஷங்கள் அந்த 4-ஐப் பொய்யாக்கவில்லை. பெங்கன் பின்னாளில் சிறு கம்பெனிப் பங்குகளையும் வேறு சில முதலீடுகளையும் கலவையில் சேர்த்து எண்ணை 4.5-க்கும், 2025-ல் வெளியான புத்தகத்தில் 4.7-க்கும் உயர்த்தியிருக்கிறார்.

எல்லை எங்கே

முதல் எல்லை, நாடு. 2010-ல் வேட் ஃபா என்ற பொருளாதார ஆய்வாளர் இதே கணக்கை 17 வளர்ந்த நாடுகளுக்குப் போட்டார். பெரும்பாலான நாடுகளில் 4 சதவீதம் தாங்கவில்லை. ஜப்பான் மாதிரி, போரும் அதை ஒட்டிய கடும் பணவீக்கமும் பார்த்த நாடுகளில் நிலைமை மிக மோசம். அமெரிக்கா இருபதாம் நூற்றாண்டின் அதிர்ஷ்டசாலி நாடு. 4 என்பது அந்த அதிர்ஷ்டசாலியின் மோசமான நாள்.

நமக்கு? சென்செக்ஸின் அடிப்படை வருஷம் 1978-79. அங்கிருந்து எண்ணினால் முழு 30 வருஷத் துண்டுகள் பதினேழோ பதினெட்டோ தேறும். ஒன்றன் மேல் ஒன்று படியாதது ஒன்றரை. இதை வைத்து 'இந்தியாவுக்கு இத்தனை சதவீதம்' என்று யாராவது தசமப் புள்ளியோடு சொன்னால், அந்தப் புள்ளி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

இரண்டாவது எல்லை, காலம். எங்க டீமில் ஒருவர் 45 வயசில் வேலையை விடக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். 25 மடங்கு சேர்ந்தாச்சு என்கிறார். அவருக்குத் தேவை 45 வருஷமோ 50 வருஷமோ. 1966-ன் 4 சதவீதம் 30 வருஷத்திலேயே விளிம்புக்கு வந்துவிட்டது. 65 வயசுக்காரருக்கு எழுதிய மருந்துச் சீட்டை 45 வயசுக்காரர் கடையில் நீட்டுகிற கதை இது. அவருக்கு இந்தக் கட்டுரையின் அட்டவணையைத்தான் முதலில் அனுப்பினேன்.

மூன்றாவது, செலவு. மேலே உள்ள எல்லாக் கணக்கிலும் ஃபண்டுக் கட்டணம் பூஜ்யம், வரி பூஜ்யம். வருஷம் ஒரு சதவீதம் கட்டணம் போனால், அது நீங்கள் சாப்பிடாத, ஆனால் உங்கள் பணத்திலிருந்து எடுக்கப்படும் பணம்.

முன்கூட்டியே தெரிந்திருக்குமா?

1966-காரருக்குத் தான் 1966-காரர் என்று எப்போது தெரிந்திருக்கும்? எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியமாகப் பட்டது.

2006-ல் ஜோனதன் கைட்டன், வில்லியம் கிளிங்கர் இருவரும் சில விதிகளை எழுதினார்கள். அதில் ஒன்று எளிமையானது. ஒவ்வொரு ஜனவரியும், இந்த வருஷம் எடுக்கப்போகும் தொகையைக் கையில் இருக்கும் பணத்தால் வகுக்க வேண்டும். அந்த விகிதம் ஆரம்ப விகிதத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறிவிட்டால், எடுக்கும் தொகையில் 10 சதவீதம் குறைக்க வேண்டும். 4-ல் ஆரம்பித்தவருக்கு எச்சரிக்கைக் கோடு 4.8.

இதை அவர் மேல் ஓட்டினேன். 1967-ல் 4.4. 1968-ல் 4.2. 1969-ல் 4.3. 1970 ஜனவரியில் 4,730-ஐ 94,600-ஆல் வகுத்தால் சரியாக 5. மணி அடித்துவிட்டது. எண்ணெய்த் தடைக்கு முன்னால், பெருவெடிப்புக்கு முன்னால், ஸ்டேட்மென்ட்டில் 94,600 என்று அழகாக இருந்தபோதே.

அன்று ஒரே ஒருமுறை 10 சதவீதம் குறைத்திருந்தால்? 4,730-க்குப் பதில் 4,260. அதன் பிறகு பழையபடி விலைவாசியோடு ஏற்றிக்கொண்டே போகட்டும், வேறு எந்த மாற்றமும் வேண்டாம். 1995 முடிவில் அவர் கையில் இருப்பது 16,000 இல்லை; சுமார் 1,52,600 டாலர். அந்த நாளைய செலவுக்கு, பணம் வளரவே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், எட்டு வருஷத்துக்கு மேல் தாங்கும். கைட்டன் விதியை முழுசாகக் கடைப்பிடித்தால் 1974-ல் மறுபடி மணி அடிக்கும், மறுபடி குறைக்கச் சொல்லும். நான் வேண்டுமென்றே முதல் மணியை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரு வெட்டுக்கே இவ்வளவு என்றால், ஆரம்ப வருஷங்களில் விற்காமல் விட்ட பங்குகள் பின்னால் எவ்வளவு வேலை செய்கின்றன என்று தெரிகிறது.

பத்து சதவீதம் குறைப்பது சும்மா இல்லை. மாசம் 50,000 ரூபாய் செலவு செய்யும் வீட்டில் 5,000-ஐ நிரந்தரமாகக் குறைப்பது. வாடகையும் மருந்தும் குறையாது; குறைப்பதெல்லாம் மீதியில்தான். அப்படிக் குறைக்க வீட்டுச் செலவில் இடம் இருக்கிறதா என்பது, 4-ஆ 4.7-ஆ என்ற விவாதத்தைவிடப் பெரிய கேள்வி. இடம் இருப்பவர் 4-ல் ஆரம்பிக்கலாம். செலவு முழுக்கத் தவிர்க்க முடியாததாக இருப்பவர் ஆரம்பத்திலேயே கீழே இருந்து தொடங்குவதுதான் நல்லது.

விகிதத்தைப் பார்க்கப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். வருஷத்துக்கு ஒரு வகுத்தல், அவ்வளவுதான். அந்த வருஷம் எடுக்கப்போவது மேலே, கையில் இருப்பது கீழே. ரிடையர் ஆன முதல் பத்து வருஷம் அந்த எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாலே, நாம் எந்த வருஷத்து ஆள் என்று ஓரளவு தெரிந்துவிடும்.